கலியாணம் முடித்தால் காணி இல்லை: மரணசாசனத்தில் ஒரு வரியின் கதை

எங்கட வாசிப்பு வட்டத்துத் தோழி ஒருத்தி போன மாதம் ஒரு போட்டோக்கொப்பியைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பப்பா நொத்தாரிசு முன்னால் எழுதிவைத்த மரணசாசனம். வீட்டில் காணி உறுதிகளைத் தேடும்போது அலுமாரிக்குள் இருந்து வந்ததாம். நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் எல்லைகள்தான்: கிழக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய வளவு, இத்தனை பரப்பு. கடைசிப் பக்கத்தில் மூத்த மகளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: அவள் விவாகம் செய்யாதிருக்கும் காலம்வரை வீட்டில் சீவிக்கவும் வயல் வருமானத்தை அனுபவிக்கவும் உரித்துடையவள், விவாகம் செய்யின் அந்த உரித்து அற்றுப்போய் ஆண்மக்கள் இருவருக்கும் சேரும்.

அந்த மூத்த மகள்தான் தோழியின் பெரிய மாமி. கலியாணம் முடிக்காமலே இருந்து, அதே வீட்டில் காலமானவர். "மாமிக்கு விருப்பமில்லையாம் எண்டுதான் எங்களுக்குச் சொன்னவை" என்றாள் தோழி. பிறகு கேட்டாள்: "இப்பிடி எழுத ஏலுமா? கோட்டுக்குப் போயிருந்தா நிண்டிருக்குமா?"

எங்களில் யாரும் சட்டபீடம் இல்லை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆக்கள். ஆனால் கேள்வியைத் தேடிக்கொண்டு போனபோது அது எங்களை 2000 வருசம் பின்னால் கொண்டுபோய் விட்டது. போன வழியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தொடக்கம் உரோமாபுரி. உரோமச் சட்டத்தில் தகப்பனுக்கோ கணவனுக்கோ தன் சொத்தை நிபந்தனையோடு விட்டுச்செல்லும் உரிமை இருந்தது. "அவள் கலியாணம் முடிக்காவிட்டால் இந்தத் தோட்டம் அவளுக்கு" என்று எழுதலாம். ஆனால் அதில் தர்க்கச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒருத்தி கலியாணம் முடிக்கவில்லை என்பது எப்போது உறுதியாகும்? அவள் செத்த பிறகுதான். அதுவரைக்கும் நாளைக்கு முடிக்கமாட்டாள் என்று யார் சொல்ல முடியும்? அப்படியென்றால் நிபந்தனை நிறைவேறும் அன்று தோட்டத்தை வாங்க அவள் உயிரோடு இருக்கமாட்டாள். கி.மு. 82 இல் இறந்த குவின்ருஸ் முக்கியுஸ் ஸ்கேவொலா என்ற சட்ட அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். சொத்தை இப்போதே கொடுக்கலாம்; ஆனால் நிபந்தனையை மீறினால் திருப்பித் தருவேன் என்று அவள் பிணை கொடுக்கவேண்டும். "எதையோ செய்யாதே" என்று சொல்லும் நிபந்தனைகளுக்கெல்லாம் இந்தப் பிணை அவருடைய பெயரிலேயே வழங்கியது. இந்தக் கட்டத்தில், அப்படி ஒரு நிபந்தனை நியாயமா என்ற பேச்சே இல்லை. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது மட்டும்தான் கேள்வி.

நிலைமையை மாற்றியவர் அகஸ்டஸ். உள்நாட்டுப் போர்கள் முடிந்த பிறகு, உரோமின் மேட்டுக்குடிகள் கலியாணம் முடிக்காமலும் பிள்ளை பெறாமலும் இருக்கிறார்கள் என்பது அவருடைய கவலை. கி.மு. 18 இலும் பிறகு கி.பி. 9 இலும் சட்டங்கள் வந்தன. 25 இலிருந்து 60 வயது வரையான ஆண்களும் 20 இலிருந்து 50 வரையான பெண்களும் கலியாண வாழ்வில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் சாசனத்தில் எழுதிவைத்ததை அவர்கள் வாங்க முடியாது. முடித்தும் பிள்ளை இல்லையென்றால் பாதிதான். கணவனை இழந்தவளுக்குத் துக்கம் காக்க முதலில் ஒரு வருசமும் பிறகு இரண்டு வருசமும் அவகாசம் கிடைத்தது. அதற்குள் அவள் அடுத்த கலியாணத்தை முடித்துவிட வேண்டும். (கி.பி. 9 இன் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இரண்டு கொன்சல்களுமே கலியாணம் முடிக்காத ஆக்கள் என்று வரலாற்றாசிரியர் டியோ எழுதிவைத்திருக்கிறார். இதை வாசித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் சிரித்தோம்.)

இப்போது அந்தப் பழைய வரியைப் பாருங்கள். அரசு "கலியாணம் முடி, இல்லாவிட்டால் சொத்து இல்லை" என்கிறது. தகப்பன் "கலியாணம் முடித்தால் சொத்து இல்லை" என்கிறான். இரண்டுக்கும் நடுவில் மகள் நிற்கிறாள். அரசு விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு நிபந்தனை சாசனத்தில் இருந்தால் அது எழுதப்படாததாகக் கொள்ளப்படும் என்று உரோமச் சட்டம் முடிவெடுத்தது. கவனிக்க வேண்டியது, சொத்து பறிபோகாது; நிபந்தனை மட்டும் அழியும். அவள் தோட்டத்தையும் வாங்கலாம், கலியாணமும் முடிக்கலாம். விதவைக்கு மட்டும் ஒரு சடங்கு வைத்தார்கள். கணவன் மறுமணம் கூடாது என்று எழுதியிருந்தால், அவள் ஒரு வருசத்துக்குள் மறுமணம் செய்து, பிள்ளை பெறுவதற்காகவே முடித்தேன் என்று சத்தியம் பண்ணினால் சொத்தை வைத்திருக்கலாம்.

ஆகவே இந்த விதி பெண்ணின் விருப்பத்துக்காகப் பிறந்ததில்லை. குடித்தொகைக்காகப் பிறந்தது. அவள் தனக்குப் பிடித்தவனை முடிக்கவேண்டும் என்று அகஸ்டஸுக்கு ஒரு அக்கறையும் இல்லை. அவள் பெறவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததுதான் வரலாற்றின் விசித்திரம். கிறிஸ்தவம் வந்தது. துறவும் கன்னிமையும் உயர்ந்த நிலைகளாயின. கி.பி. 320 இல் கொன்ஸ்ரன்ரைன் பேரரசர் கலியாணம் முடிக்காதவர்களுக்கு இருந்த தண்டனைகளை நீக்கினார். அதோடு அந்த நிபந்தனையை அழிப்பதற்கு இருந்த காரணமும் செத்துவிட்டது. காரணம் செத்தாலும் விதி சாகவில்லை. ஜஸ்டினியன் 533 இல் பழைய சட்ட அறிஞர்களின் எழுத்துக்களைத் தொகுத்தபோது இந்த விதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

விதவை விசயத்தில் ஜஸ்டினியனே தடுமாறினார். 531 இல் அந்தச் சத்தியம் பண்ணுகிற சடங்கை எடுத்துவிட்டு, நிபந்தனை இருந்தாலும் அவள் மறுமணம் செய்து சொத்தையும் வைத்திருக்கலாம் என்றார். ஐந்தே வருசத்தில், 536 இன் புதிய கட்டளையில், தலைகீழாக மாற்றினார்: இறந்தவரின் விருப்பத்தை மதிக்கவேண்டும்; மறுமணம் வேண்டுமென்றால் முடிக்கலாம், ஆனால் அவர் தந்ததைத் திருப்பிக் கொடு. மகளுக்கு ஒரு நீதி, விதவைக்கு இன்னொரு நீதி என்ற பிரிவு இங்கேதான் உறுதியாகிறது. அது இன்றுவரை தொடர்கிறது.

இங்கிலாந்துக்கு இந்த விதி போன வழி தேவாலயம். அங்கே காணி மன்னருடைய பொதுச் சட்ட நீதிமன்றங்களுக்கு உரியது. காசு, நகை, தளபாடம் போன்ற அசையும் சொத்துக்கான சாசனங்களை 1857 வரைக்கும் திருச்சபை நீதிமன்றங்கள்தான் பார்த்தன. திருச்சபை நீதவான்கள் படித்தது உரோமச் சட்டம். யோர்க் நகரத்துத் திருச்சபை நீதவான் ஹென்றி ஸ்வின்பேர்ண் 1590 அளவில் சாசனங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அந்த உரோம விதிகளைத்தான் இங்கிலாந்து வாசகருக்குக் கொண்டுவந்தது. பிறகு சான்சரி நீதிமன்றம் இப்படியான வழக்குகளை எடுக்கத் தொடங்கியது. ஒரே சொத்துக்கு இரண்டு நீதிமன்றம் இரண்டு தீர்ப்புச் சொன்னால் குழப்பம் வரும் என்று அதுவும் திருச்சபை விதியையே பின்பற்றியது.

விளைவு என்னவென்றால், ஒரே தகப்பன் ஒரே கடதாசியில் மகளுக்குக் கொஞ்சக் காசும் கொஞ்சக் காணியும் எழுதி, "கலியாணம் முடித்தால் இல்லை" என்று ஒரே வரியைப் போட்டால், காசைப் பொறுத்தவரை அந்த வரி செத்துவிடும். காணியைப் பொறுத்தவரை அது உயிரோடு இருக்கக்கூடும். இதில் எந்த நியாயமும் இல்லை. இரண்டு வேறு நீதிமன்றங்களின் பழக்கம் மட்டும்தான் இருக்கிறது. 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டு நீதவான்களே தீர்ப்புக்குள் இதைப் பற்றி அலுத்துக்கொண்டார்கள்.

எல்லாத் தடையும் செத்துப்போகவும் இல்லை. கலியாணமே கூடாது என்றால்தான் செல்லாது. இன்னாரை முடிக்கக்கூடாது என்றால் நிற்கும், ஏனென்றால் மிச்ச உலகம் திறந்திருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரனை முடிக்கக்கூடாது என்ற நிபந்தனையை 1807 இல் ஒரு ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஜோர்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலை வாசித்தவர்களுக்குக் கசோபன் தன் சாசனத்தில் செருகிய பின்குறிப்பு நினைவு வரும். தான் செத்த பிறகு மனைவி டொரதியா லடிஸ்லோ என்ற ஒருவனை முடித்தால் சொத்து இல்லை. நாவலில் யாரும் அதை எதிர்த்து வழக்குப் போடுவதில்லை. போட்டிருந்தாலும் தோற்றிருப்பாள். அவள் விதவை, அதோடு தடை ஒரு ஆளுக்கு மட்டும்.

இனி ஒரு வழக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1843 இல் சான்சரியில் தீர்ந்த மோர்லி எதிர் ரெனோல்ட்சன். தகப்பன் ஒருவர் மகளுக்காகச் சொத்தைப் பொறுப்பாளர்களிடம் எழுதிவைக்கிறார். பிறகு ஒரு இணைப்பை எழுதுகிறார்: மகளுக்குக் கடும் நரம்புத் தளர்ச்சி இருக்கிறது, தன்னைத் தானே நடத்திக்கொள்ள இயலாதவள், ஆகையால் அவள் கலியாணம் முடிக்கக்கூடாது. தகப்பன் இறக்கிறார். மகள் கலியாணம் முடிக்கிறாள். இப்போது சொத்து யாருக்கு?

தகப்பன் கெட்டவர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பயந்திருப்பார். சுகமில்லாத பிள்ளையை யாராவது காசுக்காக முடித்துவிட்டுக் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எங்கட வீடுகளிலும் இருக்கிற பயம்தான். ஆனால் வழக்கைக் கேட்ட ஜேம்ஸ் விக்றம் (எங்கட நடிகர் இல்லை, ஆங்கிலேய நீதவான்) அந்தத் தடை செல்லாது என்றார். காரணம் என்னவாக இருந்தாலும், முழுக் கலியாணத்தையும் தடுப்பதுதான் அந்த வரியின் நோக்கம். அதை அழித்துவிட்டால் மகளுக்குக் கொடுத்தது அப்படியே நிற்கிறது.

ஆனால் அதே தீர்ப்பில் அவர் இன்னொன்றையும் சொன்னார். எங்களுக்கு முழுக் கதையின் சாவியும் அதுதான். ஒருவருக்கு ஒன்றை முழுதாகக் கொடுத்துவிட்டு, பிறகு நிபந்தனை போட்டுப் பறிக்கப் பார்த்தால், நிபந்தனையை வெட்டிவிடலாம், கொடுத்தது மிஞ்சும். மாறாக, கலியாணம் வரைக்கும் மட்டும் என்று அளந்து கொடுத்திருந்தால், வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கலியாணத்துக்குப் பிறகான காலத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவே இல்லையே.

தமிழில் இது இரண்டு சின்ன ஒட்டுக்களின் வித்தியாசம். "முடித்தால்" என்பது ஒன்று. "முடிக்கும்வரை" என்பது மற்றது. "வயல் உனக்கு, கலியாணம் முடித்தால் இல்லை" என்பது பறிப்பு. "கலியாணம் முடிக்கும்வரை வயல் உனக்கு" என்பது அளவு. முன்னதை நீதிமன்றம் வெட்டும், பின்னதைத் தொடாது. பெண்ணுக்கு நடப்பதென்னவோ இரண்டிலும் ஒன்றுதான்: தாலி ஏறிய அன்று வயல் போய்விடும். எந்தப் பெண்ணாவது தன் வாழ்க்கையை இந்த இரண்டு ஒட்டுக்களுக்கும் நடுவில் பிரித்துப் பார்ப்பாளா? ஆனால் இதன் பயன் உண்மையானது. சட்டம் தெரிந்த நொத்தாரிசு "வரை" போட்டு எழுதுவார், தெரியாதவர் "ஆல்" போட்டு எழுதுவார். காசுள்ள தகப்பனின் விருப்பம் நிற்கும், மற்றவருடையது விழும்.

சொல்லை மட்டும் பார்த்தால் போதாது என்று சில நீதவான்கள் நினைத்தார்கள். 1876 இல் ஜோன்ஸ் எதிர் ஜோன்ஸ் வழக்கில் ஒருவர் தன் காணியைச் சில பெண்களுக்கு ஆயுட்காலத்துக்கு எழுதி, அதில் ஒருத்தி இப்போது இருக்கிற மாதிரிக் கன்னியாகவே இருக்கவேண்டும், முடித்தால் அவளுடைய பங்கு மற்றவர்களுக்குப் போகும் என்றார். சொல் "ஆல்" தான். ஆனாலும் நீதிமன்றம் அதை நிறுத்தியது. எழுதியவரின் நோக்கம் அவள் முடிக்கக்கூடாது என்பதில்லை. அவளைப் பார்க்க ஒருவர் வரும்வரைக்கும் ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்பதுதான் என்று நீதவான்கள் எடுத்துக்கொண்டார்கள். சொத்து காணி என்பதும் உதவியது. இதற்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்வி, இந்த வரி அவளைத் தடுக்கவா, தாங்கவா என்றாயிற்று. நல்ல கேள்விதான். ஆனால் செத்த மனிசனின் மனதை யார் போய்ப் பார்ப்பது?

விதவைக்கு இந்த விவாதமே பெரிதாகக் கிடைக்கவில்லை. கணவன் போட்ட மறுமணத் தடையை ஆங்கில நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றன. கணவன் உழைத்த சொத்தை இன்னொரு ஆம்பிளை அனுபவிக்கக்கூடாது, முதற் கலியாணத்துப் பிள்ளைகளின் பங்கு காக்கப்படவேண்டும் என்பவை வழமையான நியாயங்கள். பிள்ளைகளைப் பற்றிய நியாயத்தில் எங்களுக்கும் கொஞ்சம் உடன்பாடு உண்டு. முதல் நியாயத்தில் இல்லை. மனைவியை இழந்த கணவன் மறுமணம் செய்து, சாசனத்தில் கிடைத்ததை இழக்கிற வழக்கு 1875 இல்தான் பேசப்படும்படி வந்தது. ஆணுக்கும் அதே விதிதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பல மனைவிமாருக்கு எழுதிவைக்கத் தங்கள் பெயரில் சொத்தே இருக்காத காலம் அது.

பிரித்தானிய இந்தியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்து விதவைகள் மறுமணச் சட்டம், 1856, மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கியது. பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்தது இவ்வளவுதான். அதே சட்டத்தின் 2 ஆம் பிரிவு, மறுமணம் செய்தால் அவள் இறந்தவளைப் போலக் கருதப்பட்டுக் கணவனின் சொத்தில் இருந்த வரையறுத்த உரிமை அடுத்த வாரிசுகளுக்குப் போகும் என்றது. கணவன் சாசனத்தில் மறுமணத்துக்கு வெளிப்படையாக அனுமதி கொடுத்திருந்தால்தான் விலக்கு. அதாவது அந்தத் தடையைக் கணவன் எழுதத் தேவையில்லை, அரசே எல்லோருக்குமாக எழுதிவைத்துவிட்டது.

இலங்கைக்கு இந்த விதி வந்தது இங்கிலாந்து வழியாக மட்டும் இல்லை. ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799 இன் பிரகடனத்தில் தொடர விட்டார்கள். சாசனம் சார்ந்த எங்கட பொதுச் சட்டத்தின் அடித்தளம் அதுதான். உரோம-டச்சு அறிஞர்களும் அதே பிரிவைத்தான் வைத்திருந்தார்கள்: முதற் கலியாணத்தை முழுதாகத் தடுக்கும் நிபந்தனை எழுதப்படாதது போல, விதவையின் மறுமணத்துக்கான தடை, ஜஸ்டினியனின் 536 ஆம் ஆண்டுக் கட்டளைப்படி, செல்லும். அகஸ்டஸின் குடித்தொகைக் கவலையும் ஜஸ்டினியனின் மனமாற்றமும் கப்பலேறி வந்து எங்கட நொத்தாரிசுமாரின் மேசைக்கு வந்திருக்கின்றன.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தப் போட்டோக்கொப்பியைத் திரும்ப வாசித்தோம். "விவாகம் செய்யாதிருக்கும் காலம்வரை" என்று தொடங்குகிறது. அது அளவு. "விவாகம் செய்யின் அற்றுப்போய்" என்று முடிகிறது. அது பறிப்பு. இரண்டும் ஒரே வாக்கியத்தில். எங்களில் இரண்டு பேர் அப்பப்பாவின் பக்கம் பேசினார்கள். தாயில்லாத மூத்த பிள்ளை, நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று எழுதியிருப்பார், கட்டிக்கொடுத்தால் கணவன் பார்ப்பான் என்று நினைத்திருப்பார், ஜோன்ஸ் வழக்கு மாதிரி. தோழி ஒன்றும் பேசாமல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே இளைய மகளுக்குச் சீதனமாக ஏற்கெனவே எழுதிய காணி இன்ன இன்ன என்று ஒரு பட்டியல் இருந்தது. மூத்தவளுக்குச் சீதனம் என்று ஒரு பரப்பும் எங்கும் இல்லை. முடித்தால் கொண்டுபோக ஒன்றுமில்லை, முடிக்காமல் இருந்தால் வயல் உண்டு. வயலை உழுதது தம்பிமார்.

இது கோட்டுக்குப் போயிருந்தால் எப்பக்கமும் தீர்ந்திருக்கலாம் என்றுதான் நாங்கள் தோழிக்குச் சொன்னோம். "வரை" முந்தி வருகிறது, ஆகவே அது அளவு என்று ஒரு அப்புக்காத்து வாதாடியிருப்பார். சீதனப் பட்டியலைக் காட்டி, இது தாங்குவதற்கு எழுதியதில்லை, தடுப்பதற்கு எழுதியது என்று மற்றவர் வாதாடியிருப்பார். ஆனால் ஒரு நீதிமன்றம் இப்படி ஒரு வரியை வெட்டுவதற்கு, அந்தப் பெண் முதலில் கலியாணத்தை முடித்து, வயலைக் கேட்டு, தன் சொந்தச் சகோதரங்களுக்கு எதிராக வழக்கைப் போடவேண்டும். மோர்லி வழக்கின் மகள் முடித்தாள், அதனால் அவளுடைய வழக்கு அறிக்கையில் இருக்கிறது. முடிக்காமலே இருந்தவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை.

அன்று பின்னேரம் தோழி தன் அப்பாவிடம் போனில் கேட்டாள், மாமிக்கு அந்தச் சாசனத்தில் என்ன எழுதியிருக்கு எண்டு தெரியுமா என்று. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு சொன்னாராம்: "வாசிச்சுக் காட்டினது நான்தான்."